முதல் கணினித் தேர்வு

ரயில்வே தேர்வு வாரியம் நடத்தும் என்டிபிசி தேர்வின் முதல் கட்டத்தில் 100 கேள்விகள். நேரம் 90 நிமிடம். தமிழிலும் எழுதலாம். செஞ்சியிலிருந்து சென்னைக்கு வந்து இதை எழுதும் பட்டதாரிப் பெண் ஒருவருக்கு, ஓஎம்ஆர் தாளில் பேனாவால் வட்டங்களை நிரப்பி மட்டுமே பழக்கம் என்றால், பாடத்தோடு கணினித் திரையும் ஒரு பாடமாகிவிடுகிறது.

முதல் கவலை பயணம். திண்டிவனம் வழியாக வரும் வெளியூர்ப் பேருந்துகள் பெரும்பாலும் கிளாம்பாக்கத்தோடு நின்றுவிடுகின்றன. அங்கிருந்து அண்ணா சாலைப் பக்கம் உள்ள மையத்துக்கு மாநகரப் பேருந்திலோ மின்சார ரயிலிலோ போக மேலும் ஒன்றரை மணி நேரம் ஒதுக்க வேண்டும். அழைப்புக் கடிதத்தில் அச்சிட்ட வாயில் மூடும் நேரத்துக்குப் பின் யாரையும் உள்ளே விடுவதில்லை. காலைப் பிரிவு கிடைத்தவர்கள் முந்தைய நாளே வந்து தங்குவது நல்லது.

வாயிலில் அழைப்புக் கடிதமும் அசல் அடையாள அட்டையும் சரிபார்க்கப்படும். கைப்பேசி, கைக்கடிகாரம், வளையல், சங்கிலி எதற்கும் அனுமதி இல்லை. அடுத்து விரல் ரேகைப் பதிவு. மருதாணி ரேகையை மறைத்துவிடலாம் என்பதால், தேர்வுக்கு முன் அதை இட்டுக்கொள்ள வேண்டாம் என்று வாரியமே அறிவுறுத்துகிறது.

உள்ளே எல்லாம் மவுஸ் வேலைதான். விசைப்பலகையைத் தொடக் கூடாது. திரையின் ஓரத்தில் கேள்வி எண்கள் கட்டங்களாகத் தெரியும். விடை பதிவானால் கட்டம் பச்சையாகும். கேள்வியைப் பார்த்தும் விடை பதியாவிட்டால் சிவப்பாகும். பின்னர் பார்க்கக் குறித்துவைத்தால் ஊதாவாகும்.

புதியவர்கள் தடுமாறுவது இங்கேதான். செஞ்சிப் பெண் 14ஆம் கேள்விக்கு விடையைத் தேர்ந்தெடுக்கிறார்; Save & Next பொத்தானை அழுத்தாமல், ஓரத்தில் இருக்கும் 20ஆம் எண்ணைச் சொடுக்குகிறார். 20ஆம் கேள்வி வந்துவிடுவதால் எல்லாம் சரியாக நடந்ததாகவே தோன்றும். ஆனால் 14க்கான விடை பதியவில்லை; அந்தக் கட்டம் சிவப்பாகவே நிற்கும். இப்படி ஐந்து கேள்விகள் போனால், சரியாகத் தெரிந்த ஐந்து மதிப்பெண்கள் போய்விடும். கடைசி ஐந்து நிமிடத்தைச் சிவப்புக் கட்டங்களைத் திறந்து பார்ப்பதற்கென்றே வைத்துக்கொண்டால் இந்த இழப்பைத் தவிர்க்கலாம். நேரம் முடிந்ததும் தேர்வு தானாகச் சமர்ப்பிக்கப்பட்டுவிடும்.

அதற்காகச் சிவப்பையெல்லாம் பச்சையாக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு தவறான விடைக்கும் மூன்றில் ஒரு பங்கு மதிப்பெண் குறையும். 72 கேள்விகளுக்கு விடையளித்து 60 சரி, 12 தவறு என்றால் கிடைப்பது 56. சற்றும் தெரியாத கேள்வியை விட்டுவிடுவதே மேல்.

தேர்வுக்குப் பின் விடைக்குறிப்பு வெளியாகும்போது, தன் விடைகளில் எவை பதிவாயின என்பதையும் அவர் இணையத்தில் பார்க்கலாம். ஆனால் கூட்டிப் பார்க்கும் மதிப்பெண் இறுதியானதல்ல. தேர்வு பல நாள்களில், பல பிரிவுகளாக, வெவ்வேறு வினாத்தாள்களோடு நடக்கிறது. கடினமான தாள் கிடைத்தவர் நஷ்டப்படாதபடி மதிப்பெண்களைச் சமன்செய்த பிறகே தரவரிசை முடிவாகும்.