கப்பல் லேட்டானால் விமானமா, கையிருப்பா? ஒரு பெட்டி கையுறை சொல்லும் கணக்கு

2023 நவம்பரில் செங்கடலில் சரக்குக் கப்பல்கள் மீது தாக்குதல் தொடங்கியதும், ஆசியாவிலிருந்து ஐரோப்பா போகும் பெரிய கப்பல்கள் பல சூயஸ் கால்வாயைத் தவிர்த்து ஆப்பிரிக்காவின் தென்முனையைச் சுற்றிப் போக ஆரம்பித்தன. பயணம் கிட்டத்தட்ட 10 முதல் 14 நாள் வரை நீண்டது. பேராக்கில் தைப்பிங், கமுந்திங் பக்கம் தயாராகும் ரப்பர் கையுறைகளும் அந்தக் கடல்வழியில்தான் ஐரோப்பா போகின்றன. (நம் தாத்தா பாட்டி தோட்டத்தில் மரம் வெட்டி எடுத்த பால் இன்று எல்லாக் கையுறையிலும் இல்லை. பெரும்பகுதி நைட்ரைல் என்ற செயற்கை ரப்பர்.)

மருத்துவமனைக்கு விற்கும் ஐரோப்பிய வியாபாரி ஒருவரின் இடத்தில் உங்களை வைத்துப் பாருங்கள். சரக்கு இரண்டு வாரம் லேட். உங்களுக்கு இரண்டு வழி: அவசரத்துக்கு விமானத்தில் வரவழைப்பது, அல்லது முன்கூட்டியே அதிகம் வாங்கி வைத்திருப்பது. எது மலிவு?

ஒரு பெட்டியை எடுத்துக்கொள்வோம். அதில் 1,000 கையுறை, எடை சுமார் 4.5 கிலோ. கணக்குக்காக விலை 90 ரிங்கிட், கண்டெய்னரில் கடல்வழிக் கூலி பெட்டிக்கு 6 ரிங்கிட், விமானக் கூலி கிலோவுக்கு 15 ரிங்கிட் என்று வைப்போம். விமானத்தில் அனுப்ப 67 ரிங்கிட் 50 சென். கடலைவிடக் கூடுதல் செலவு சுமார் 61 ரிங்கிட். சரக்கின் விலையில் மூன்றில் இரண்டு பங்கு கூலிக்கே போகிறது!

அதே ஈப்போவில் கார்செம், யூனிசெம் தொழிற்சாலைகள் சிப்களை பேக்கேஜ் செய்கின்றன. ஒரு கிலோ சிப்பின் மதிப்போடு பார்த்தால் விமானக் கூலி சில்லறைக்காசு. அதனால் சிப்களை விமானத்தில் அனுப்புவது வழக்கமான வேலை, அவசர வைத்தியம் இல்லை. கையுறையின் கதை வேறு.

இப்போது கையிருப்பு. அதே பெட்டியை ஒரு வருஷம் கிடங்கில் வைத்தால் முடங்கிய பணத்தின் வட்டி, வாடகை, காப்புறுதி, காலாவதி என்று விலையில் 20 விழுக்காடு ஆகும் என்று கொண்டால், வருஷத்துக்கு 18 ரிங்கிட். ஆக, கேள்வி சுருங்கிவிட்டது: வருஷா வருஷம் 18 ரிங்கிட்டா, தேவைப்படும்போது மட்டும் 61 ரிங்கிட்டா? 61-ஐ 18-ஆல் வகுத்தால் சுமார் 3.4. அந்தப் பெட்டி மூன்றரை வருஷத்துக்கு ஒருமுறையாவது கைகொடுக்கும் என்றால் வைத்திருப்பது லாபம். அதைவிட அரிதாகத்தான் தேவைப்படும் என்றால் விமானம் மலிவு.

பலரும் சறுக்கும் இடம் இதுதான். எல்லாப் பெட்டிக்கும் ஒரே பதில் கிடையாது. நீங்கள் வாரம் 600 பெட்டி விற்கிறீர்கள், ஒரு வார தாமதம் வருஷத்துக்கு ஒருமுறை வருகிறது, இரண்டு வார தாமதம் ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை வருகிறது என்று வைப்போம். முதல் 600 பெட்டி வருஷா வருஷம் உதவும். 18 ரிங்கிட் செலவில் 61 மிச்சம், தாராளமாக வைத்திருக்கலாம். அடுத்த 600 பெட்டிக்கு ஐந்து வருஷ வைப்புச் செலவு 90 ரிங்கிட். அந்த ஒரு தடவை விமானத்தில் கொண்டுவந்தால் 61தான். அதை வாங்கி அடுக்க வேண்டாம். ‘கொஞ்சம் கையிருப்பு, மீதிக்கு விமானம்’ என்று நிறுவனங்கள் கலந்து வைப்பதற்கு இதுதான் காரணம்.

ஆனால் ஒரு சிக்கல். கப்பல் லேட்டாவது உங்களுக்கு மட்டும் இல்லை, எல்லாருக்கும்தான். எல்லாரும் விமானத்தில் இடம் தேடும்போது கூலி ஏறும். கிலோ 30 ரிங்கிட் ஆனால் கூடுதல் செலவு பெட்டிக்கு 129 ரிங்கிட். இப்போது இரண்டாவது 600-ஐயும் வைத்திருப்பதே மலிவு. விமானக் கூலியைச் சாதாரண நாளின் விலையில் போட்டுப் பார்ப்பவர்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள். நடுவழியும் உண்டு: துபாய் வரை கப்பல், அங்கிருந்து விமானம். முழு விமானத்தைவிட மலிவு, முழுக் கப்பலைவிட வேகம். 2024 தொடக்கத்தில் பலர் இதை நாடினார்கள்.

கையிருப்புக்கும் ஆபத்து இருக்கிறது. 2021 தொடக்கத்தில் 1,000 கையுறை 100 அமெரிக்க டாலரையும் தாண்டி விற்றது. 2023-இல் அது 20 டாலர் அளவுக்கு இறங்கிவிட்டது. உச்ச விலையில் வாங்கிக் குவித்தவர்களுக்கு 20 விழுக்காடு வைப்புச் செலவெல்லாம் ஒரு நஷ்டமே இல்லை, விலை வீழ்ச்சிதான் அடித்தது.

கையிருப்பு எங்கே இருக்கிறது என்பதும் முக்கியம். தாமதம் கடலில் என்றால், தைப்பிங் கிடங்கில் நிறைய அடுக்கியிருந்தும் பயனில்லை. அது ரோட்டர்டாம் பக்கம் இருக்க வேண்டும். தாமதமே தொழிற்சாலை உற்பத்தியில் என்றால், தைப்பிங்கில் இருப்பதும் உதவும்.

யார் பணம் கட்டுவது என்பது ஒப்பந்தத்தைப் பொறுத்தது. எஃப்.ஓ.பி. முறையில் சரக்கு இங்கே கப்பலில் ஏறியதும் பொறுப்பு வாங்குபவருக்கு மாறிவிடும். அப்புறம் செங்கடல் தாமதம் அவர் தலைவலி, விமானச் செலவும் அவருடையது. பொருளை நேரத்துக்குத் தயாரிக்காமல் தொழிற்சாலை கப்பலைத் தவறவிட்டால் வாங்குபவர் அந்தக் கூலியைப் பெரும்பாலும் தொழிற்சாலையிடமே கேட்பார். பெட்டிக்குச் சில ரிங்கிட் லாபத்தில் ஓடும் தொழிற்சாலைக்கு, ஒரு பெட்டியை விமானத்தில் ஏற்றினால் பத்துப் பெட்டியின் லாபம் போய்விடும்.