அந்த 240 ரூபாய் எங்கே நிற்கிறது?

“அவருக்குக் காசு கழிஞ்சிருச்சுங்கிறார். எனக்கு வரவே இல்ல. நடுவுல யாருகிட்ட நிக்குது?”

கடைக்காரர்கள் கூடுமிடத்தில் யுபிஐ பற்றிப் பேச்செடுத்தால் இந்தக் கேள்வி வராமல் இருக்காது. விளக்கத்தை அங்கிருந்தே தொடங்குவதுதான் எனக்கும் வசதி.

ஒருவர் 240 ரூபாய்க்கு மளிகை வாங்குகிறார் என்று வையுங்கள். அவர் கணக்கு ஒரு வங்கியில், உங்கள் கணக்கு வேறொன்றில். கல்லாப்பக்கம் ஒட்டியிருக்கும் கியூஆர் அட்டையில் இருப்பது உங்கள் யுபிஐ முகவரி, கடைப் பெயர் போன்ற விவரங்கள்தான். அவர் ஸ்கேன் செய்து, தொகையைப் போட்டு, பின் நம்பரை அழுத்துகிறார். தகவல் என்பிசிஐ என்ற அமைப்புக்குப் போகிறது. 2016 முதல் யுபிஐயை நடத்துவது இவர்கள்தான். அவருடைய வங்கியிடம் என்பிசிஐ கேட்கிறது: பின் நம்பர் சரியா, இருப்பு இருக்கிறதா? இருந்தால் 240 கழித்துவிடு. ‘கழித்தாயிற்று’ என்று பதில் வந்த பிறகுதான் உங்கள் வங்கிக்கு, ‘இந்தக் கணக்கில் 240 வரவு வை’ என்று சொல்கிறது. அதுவும் ‘வைத்தாயிற்று’ என்றால் இருவருக்கும் செய்தி வருகிறது. எல்லாம் சில நொடிகளில்.

கவனியுங்கள், இதுவரை நகர்ந்தது தகவல் மட்டும்தான். பக்கத்துக் கடையில் அவ்வப்போது சரக்கு எடுத்துவிட்டுச் சாயங்காலம் வித்தியாசத்தை மட்டும் கொடுத்து நேர் செய்வீர்களே, அதுபோல வங்கிகள் தங்களுக்குள் கொடுக்கல் வாங்கலை ரிசர்வ் வங்கியில் உள்ள கணக்குகள் வழியே பிற்பாடு தீர்த்துக்கொள்கின்றன.

சிக்கல் வருவது அந்த இரண்டாம் கட்டத்தில். கழித்தது உறுதி, ஆனால் உங்கள் வங்கியின் சர்வர் பதில் சொல்லவில்லை. வரவு வைக்காமலே விட்டிருக்கலாம். வைத்துவிட்டு, பதில் மட்டும் வழியில் தொலைந்திருக்கலாம். அவர் போனில் ‘Pending’ என்று நிற்பதை வைத்து இரண்டில் எது என்று சொல்ல முடியாது. பேசும் பெட்டியையும் முழுக்க நம்ப வேண்டாம். அதிலுள்ள சிம்முக்கு சிக்னல் இல்லாவிட்டால், பணம் வந்திருந்தாலும் அது வாய் திறக்காது.

அப்போது அவர் போனிலிருந்து 12 இலக்க யுடிஆர் எண்ணைக் குறித்துக்கொண்டு, உங்கள் வங்கிக் கணக்கின் வரவுப் பட்டியலில் தேடுங்கள். இருந்தால் பணம் உங்களுடையது. இல்லாவிட்டால், கடைக்குச் செலுத்தி உறுதியாகாத தொகை 5 நாளுக்குள் தானாக அவர் கணக்குக்குத் திரும்ப வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் 2019 விதி. தாண்டினால் நாளுக்கு 100 ரூபாய் அவருக்கு இழப்பீடு. தனிநபர் ஒருவருக்கு அனுப்பியதென்றால் கெடு மறுநாள் வரைதான்.

பச்சை டிக் காட்டும் போலிச் செயலிகளும் உலவுகின்றன. அவற்றிடமும் இதே சோதனைதான்: வாடிக்கையாளர் நீட்டும் திரையில் எந்த எண்ணும் இருக்கலாம், உங்கள் வங்கியின் வரவுப் பட்டியலில் அதை அவரால் எழுத முடியாது.