ஃபார்மலின் புட்டிக்குள் என்ன இருக்கிறது?

உடல் உறுப்புகளைக் கெடாமல் பாதுகாக்கும் ஃபார்மலினில் எடையளவில் சுமார் 37 சதவீதம் ஃபார்மால்டிஹைடு என்பார்கள். ஆனால் அந்தப் புட்டிக்குள் தனி ஃபார்மால்டிஹைடைத் தேடினால் அநேகமாகக் கிடைக்காது. ஏறக்குறைய எல்லாமே தண்ணீருடன் இணைந்துவிட்டிருக்கும்.

காரணம், அதன் கார்பனைல் தொகுதி. அங்கே கார்பனும் ஆக்சிஜனும் இரட்டைப் பிணைப்பில் உள்ளன. ஆக்சிஜன் எலக்ட்ரான்களைத் தன் பக்கம் இழுப்பதால் கார்பனில் சிறிது நேர்மின் தன்மை தோன்றுகிறது. தண்ணீரின் ஆக்சிஜன் தன் தனி எலக்ட்ரான் இணையோடு அந்தக் கார்பனைத் தாக்குகிறது. இரட்டைப் பிணைப்பில் ஒன்று திறந்து, முடிவில் ஒரே கார்பனில் இரண்டு ஹைட்ராக்சில் தொகுதிகள் அமர்கின்றன. இதுவே கருக்கவர் சேர்க்கை வினை.

அசிட்டால்டிஹைடைத் தண்ணீரில் கரைத்தால் பாதியளவுதான் இப்படி மாறுகிறது. நகப்பூச்சை அழிக்கும் அசிட்டோனிலோ ஆயிரத்தில் ஓரிரு மூலக்கூறுகளே மாறுகின்றன.

மூன்றுக்கும் வேறுபாடு மெத்தில் தொகுதிகளின் எண்ணிக்கைதான்: முதலாவதில் ஒன்றுமில்லை, ஆல்டிஹைடான அடுத்ததில் ஒன்று, கீட்டோனான அசிட்டோனில் இரண்டு. மெத்தில் எலக்ட்ரான்களைக் கொடுத்துக் கார்பனின் நேர்மின் தன்மையைத் தணிக்கிறது, இடத்தையும் அடைக்கிறது. சேர்க்கையின்போது பிணைப்புக் கோணம் 120 பாகையிலிருந்து 109 பாகை அளவுக்குச் சுருங்குவதால் நெருக்கடி இன்னும் கூடுகிறது. ஆல்டிஹைடில் குறைந்தது ஒரு பக்கத்திலாவது சின்னஞ்சிறு ஹைட்ரஜன் இருக்கிறது.

ஆனால் கீட்டோன் என்ற பெயரை மட்டும் வைத்து முடிவுகட்டக் கூடாது. அசிட்டோனின் ஆறு ஹைட்ரஜன்களுக்குப் பதில் எலக்ட்ரானை இழுக்கும் ஃபுளோரின்களை வைத்தால், அந்தக் கீட்டோன் தண்ணீருடன் கிட்டத்தட்ட முழுமையாகவே சேர்ந்துவிடுகிறது.