40,000 ரூபாய் சலுகை, கூடுதலாக 20,000 செலவு

பிளஸ் டூ மதிப்பெண் வந்ததும் தனியார் பொறியியல் கல்லூரிகளிலிருந்து போன் வரத் தொடங்கிவிடும். "உங்க பொண்ணுக்கு வருஷம் 40,000 ஸ்காலர்ஷிப், இன்னைக்கே சீட் போட்டுடுங்க" என்பார்கள். எந்தக் கட்டணத்தில் 40,000 கழிகிறது என்று சொல்லமாட்டார்கள்.

தமிழ்நாட்டில் 2017-ல் நிர்ணயிக்கப்பட்ட கட்டணத்தை வைத்தே பார்ப்போம். தரச்சான்று பெறாத பாடப்பிரிவுக்குக் கவுன்சலிங் வழியாகச் சேர்ந்தால் ஆண்டுக்கு 50,000 ரூபாய், நிர்வாக ஒதுக்கீட்டில் 85,000. கவுன்சலிங்கில் வரும் முதல் தலைமுறைப் பட்டதாரிக்கு அரசு 25,000 தருகிறது, மீதி 25,000. போனில் பேசியவர் கொடுப்பது நிர்வாக ஒதுக்கீட்டு இடம். அங்கே முதல் பட்டதாரிச் சலுகை கிடையாது. 85,000-ல் 40,000 போனால் 45,000 கட்டவேண்டும். பெரிய ஸ்காலர்ஷிப் என்று போனவருக்குத்தான் 20,000 அதிகம்.

இது கல்விக் கட்டணம் மட்டும். பயிற்சி, சீருடை, இதர கட்டணம் என்று 20,000. விடுதியும் மெஸ்ஸும் 80,000. தேர்வுக் கட்டணம் 5,000. புத்தகம், ரெக்கார்டு நோட்டு 6,000. ஊருக்குப் போய்வர 6,000 என்று வைத்துக்கொண்டால் மேலும் 1,17,000 ஆகிறது. ஆக, கவுன்சலிங் இடத்துக்குக் கைச்செலவு 1,42,000. 'ஸ்காலர்ஷிப்' இடத்துக்கு 1,62,000. ஒரு அரியர் விழுந்து சலுகை நின்றுபோனால் அது 2,02,000 ஆகிவிடும்.

அதிகம் ஏமாற்றுவது மெஸ் பில்தான். டிவைடிங் சிஸ்டம் உள்ள விடுதியில் மாதச் செலவை மாணவர் எண்ணிக்கையால் வகுத்துப் போடுவார்கள். சேர்க்கையின்போது சொல்லும் தொகை வெறும் முன்பணம். அங்கே தங்கியிருக்கும் இரண்டாம் ஆண்டு மாணவர் ஒருவரிடம் போன வருட பில்களைக் கேளுங்கள், கல்லூரி அலுவலகத்தைவிட அவர் சரியாகச் சொல்வார். காப்புத்தொகை திரும்ப வரும் என்பதால் செலவில் சேராது. ஆனால் முதல் நாள் கையில் இருக்கவேண்டும். புதுமைப்பெண் திட்டத்தின் மாதம் 1,000 ரூபாயையும் கட்டணத்தில் கழிக்காதீர்கள். அது மாதாமாதம் வருவது, கட்டணமோ ஒரே தவணையாகக் கேட்கப்படும்.

சலுகைக் கடிதத்தில் மூன்றைத் தேடுங்கள்: எந்த ஒதுக்கீடு, எத்தனை ஆண்டு, எந்த மதிப்பெண் குறைந்தால் ரத்து. வாய்ச்சொல்லை நம்பிச் சான்றிதழ்களைக் கொடுத்துவிடாதீர்கள். கட்டும் ஒவ்வொரு தொகைக்கும் எதற்கு என்று குறித்த ரசீது கேட்பது உங்கள் உரிமை. நிர்ணயித்ததற்கு மேல் கல்விக் கட்டணம் கேட்டால், அந்த ரசீதோடு கட்டண நிர்ணயக் குழுவுக்கோ தொழில்நுட்பக் கல்வி இயக்ககத்துக்கோ புகார் எழுதலாம். ரசீது இல்லாமல் கொடுத்த பணத்துக்குப் புகார் எழுதுவது கடினம்.

முதல் பட்டதாரிச் சான்றிதழை வட்டாட்சியர் அலுவலகத்திலிருந்து, இ-சேவை மையம் வழியாக, கவுன்சலிங்குக்கு முன்பே வாங்கிவிடுங்கள்.