ஜூன் 30 என்று எழுதுங்கள்

முழுநேரத் தரவு அறிவியல் டிப்ளமோ வகுப்பு ஜூலை 1 தொடங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். அரசு வங்கியில் 6 ஆண்டு வேலை பார்த்த எழுத்தர், மே மாதத்துக்குள் மேலாளரிடம் ராஜினாமாக் கடிதம் கொடுத்துவிட வேண்டும். நிரந்தர எழுத்தருக்கு ஒரு மாத நோட்டீஸ் உண்டு. கொடுக்காமல் போனால் ஒரு மாதச் சம்பளத்தைக் கட்ட நேரிடும்.

“மேற்படிப்பில் சேரவிருப்பதால், ஜூன் 30 அலுவல் முடிவில் என்னைப் பணியிலிருந்து விடுவிக்க வேண்டுகிறேன்.” இவ்வளவு போதும். மனக்குறைகளை அதில் எழுத வேண்டாம். நகலில் தேதியோடு முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். கல்லூரி கேட்கப்போவது விடுவிப்பு ஆணையை.

5 ஆண்டு தாண்டியதால் கிராஜுவிட்டி கிடைக்கும். ஆனால் ஊழியர் கடன் இருந்தால் சலுகை வட்டி வேலையோடு போய்விடும். புதிய தவணை எவ்வளவு என்று கேட்டுவிட்டே கையெழுத்திடுங்கள்.