கேன்டீன் கார்டில் போட்ட பணம் எங்கே இருக்கிறது?

கல்லூரி கேன்டீன் கார்டில் பணம் ஏற்ற வங்கிக் கணக்கு தேவையில்லை, போன்கூட வேண்டாம். கவுன்டரில் 300 ரூபாயை நீட்டினால் போதும். காசாளர் கார்டை ரீடர் மேல் வைத்துத் தொகையைத் தட்டுகிறார். 'பீப்' என்றதும் பணம் பெட்டிக்குள் போகிறது, ஸ்லிப் நம் கைக்கு வருகிறது. அந்த 300 ரூபாய் இப்போது எங்கே இருக்கிறது என்று அப்போது யாரும் கேட்பதில்லை. கார்டு தொலைந்த அன்றும், படிப்பு முடிந்து ஊருக்குக் கிளம்பும் அன்றும்தான் அந்தக் கேள்வி எழுகிறது.

நோட்டு கேன்டீனின் பெட்டியில் இருக்கிறது. சாப்பிடப்போகும் சாப்பாட்டுக்கு முன்கூட்டியே காசு கொடுத்துவிட்டோம், அவ்வளவுதான். இது வங்கியில் போட்ட டெபாசிட் ஆகாது. வாங்கிய இடத்தில் மட்டுமே செலவழிக்க முடிகிற, ரொக்கமாக எடுக்க முடியாத இத்தகைய கார்டுகளை ரிசர்வ் வங்கி 'மூடிய வகை' என்று பிரித்து வைத்திருக்கிறது. வேறொருவருக்குப் பணம் போய்ச் சேராததால் இதைப் பணப்பரிமாற்ற முறையாக அது கருதுவதில்லை. இதை வெளியிட அனுமதியும் கேட்பதில்லை. கணக்கு எண் இல்லாமல் யார் வேண்டுமானாலும் கார்டு வாங்க முடிவதற்குக் காரணம் இதுதான். இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. ஊரெங்கும் செல்லுபடியாகும் வாலட்களை நடத்தும் தனியார் நிறுவனங்கள், வாடிக்கையாளர் பணத்தை ஒரு வங்கியில் தனிக் கணக்கில் ஒதுக்கி வைத்தாக வேண்டும். கேன்டீன் கார்டுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. ஒப்பந்தக்காரர் பாதியில் கடையைக் கட்டினால், நம் மிச்சம் அவர் தர வேண்டிய பாக்கிகளில் ஒன்றாகிவிடும். ஆகவே ரீசார்ஜ் பணத்தை வாங்குவது கல்லூரியா, ஒப்பந்தக்காரரா என்பதை ஸ்லிப்பில் அச்சாகியிருக்கும் பெயரைப் பார்த்துத் தெரிந்துகொள்வது நல்லது.

நோட்டு பெட்டிக்குப் போனது சரி, 300 என்ற எண் எங்கே எழுதப்படுகிறது? இதில் இரண்டு முறைகள் உண்டு. ஒன்றில் கார்டு என்பது வெறும் அடையாள எண்; பேலன்ஸ் அலுவலகத்திலுள்ள சர்வரில் இருக்கும். மற்றொன்றில் பேலன்ஸ் கார்டின் சிப்பிலேயே எழுதப்படுகிறது. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். நெட்வொர்க் விழுந்த நேரத்தில் கவனித்தால் வித்தியாசம் புரியும். அப்போதும் ரீடர் பேலன்ஸைச் சரியாகக் காட்டினால் அது சிப்பில் இருக்கிறது என்று கொள்ளலாம். ஊரிலிருந்து அப்பா போன் வழியாக ரீசார்ஜ் செய்த மறுகணமே, வேறெங்கும் கார்டைத் தட்டாமல் சாப்பாடு வாங்க முடிந்தால் அது பெரும்பாலும் சர்வர் முறை. சிப் முறையில், வெளியிலிருந்து போட்ட தொகை ஒரு ரீடரில் கார்டை வைக்கும்வரை காத்திருக்கும்.

சிப்பில் எழுதும் விதத்தைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். வளாகக் கார்டுகளில் நெடுங்காலமாகப் புழங்கும் 'மைஃபேர் கிளாசிக்' சிப்பின் சிறிய ரகத்தில் 1,024 பைட் இடம் இருக்கிறது. அது 16 அறைகளாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வோர் அறைக்கும் தனிச் சாவி எண்கள் தரப்பட்டிருக்கின்றன. பேலன்ஸ் இருக்கும் அறைக்கான சாவி கேன்டீன் ரீடரிடம் மட்டுமே இருக்க வேண்டும். 300 ரூபாயை 30,000 பைசாவாகக் கொண்டு, அந்த எண்ணை மூன்று இடங்களில் எழுதுகிறார்கள். இரண்டு இடங்களில் உள்ளபடியும், ஓரிடத்தில் ஒன்றைச் சுழியாகவும் சுழியை ஒன்றாகவும் தலைகீழாக்கியும் எழுதுவார்கள். மூன்றும் ஒத்துப்போகாவிட்டால் சிப் அதைத் தொகையாகவே ஏற்காது.

இனி ஒரு நாள் செலவைப் பார்ப்போம். காலையில் 35 ரூபாய்க்கு இட்லி வடை, மிச்சம் 265. பிறகு 15 ரூபாய்க்கு காபி, மிச்சம் 250. மதியம் கூட்டம் நெருக்க, 60 ரூபாய் சாப்பாட்டுக்குக் கார்டை வைத்த மாணவி, சத்தம் வருவதற்குள் கையை இழுத்துவிடுகிறாள். சிப் தொகையைக் கழித்து எழுதி முடித்துவிட்டது. முடித்துவிட்டேன் என்ற பதில் மட்டும் ரீடருக்குப் போய்ச் சேரவில்லை. திரையில் பிழை என்று வருகிறது. "இன்னொரு தடவ வைம்மா" என்கிறார் கவுன்டர் அண்ணன். மறுபடி 60 கழிகிறது. கார்டில் இப்போது 130. இருக்க வேண்டியதோ 190.

இந்த இழப்பை ரசீதுகளை எண்ணிக் கண்டுபிடிக்க முடியாது. முதல் விற்பனை முழுமையடையாததால் ரீடர் அதைப் பதிவு செய்யவே இல்லை; ஒரே ஒரு 60 ரூபாய்தான் கணக்கில் நிற்கும். ஆனால் கார்டின் நடவடிக்கைப் பட்டியலைக் கேட்டு வாங்கி, முன்பிருந்த பேலன்ஸையும் பின்னால் நின்ற பேலன்ஸையும் வரிக்கு வரி ஒப்பிட்டால் மாட்டிக்கொள்ளும். காபி வரி 250-இல் முடிகிறது; சாப்பாட்டு வரி 190-இல் தொடங்குகிறது. நடுவே விற்பனை எதுவும் இல்லாமல் 60 காணாமல் போயிருக்கிறது. இதைக் காட்டிக் கேட்டால் எந்த நல்ல நிர்வாகியும் மறுக்க மாட்டார். நன்றாக எழுதப்பட்ட மென்பொருள், பிழை வந்த கார்டு மீண்டும் வரும்போது முதலில் பழைய பேலன்ஸைச் சரிபார்த்துவிட்டே கழிக்கும். எல்லா இடத்திலும் அப்படி எழுதப்பட்டிருக்கும் என்று நம்பிவிட முடியாது. சத்தம் வரும்வரை கார்டை எடுக்காமல் இருப்பதே நம் கையில் இருக்கும் பாதுகாப்பு.

இரவில் ரீடர்கள் அன்றைய பதிவுகளைச் சர்வருக்கு அனுப்புகின்றன. சிப் முறையிலும், ஒழுங்காக நடத்தும் இடங்களில் ஒவ்வொரு கார்டுக்கும் சர்வரில் ஒரு நிழல் கணக்கு இருக்கும். 2008-இல் நெதர்லாந்தின் நைமேகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இந்தச் சிப்பின் பூட்டு பலவீனமானது என்று வெளிப்படுத்திய பிறகு, இந்த ஒப்பீடு தவிர்க்க முடியாததாகிவிட்டது. ஏற்றாத பணம் ஒரு கார்டில் தோன்றினால் அன்றிரவே கணக்கு உதைக்கும். மறுநாள் அந்த எண் முடக்கப்படும். கார்டு தொலைந்தாலும் கைகொடுப்பது இதே கணக்குதான். உடனே சொன்னால், முடக்கிய நேரத்தில் இருந்த மிச்சத்தைப் புதுக் கார்டில் ஏற்றித் தர முடியும். பெயரைப் பதியாமல் வாங்கிய கார்டுக்கு அந்த வழி இல்லை. எந்த மிச்சம் யாருடையது என்று சொல்ல ஆதாரம் இருக்காது.

இசை விழாக்களில் கையில் மாட்டும் ரிஸ்ட்பேண்டும் இதே குடும்பம்தான். துணிப்பட்டைக்குள் சிறிய சிப் இருக்கிறது. ஒருமுறை இறுக்கினால் வெட்டித்தான் எடுக்க வேண்டும். பல்லாயிரம் பேர் கூடும் மைதானத்தில் போன் சிக்னல் திணறும் என்பதால், நெட்வொர்க் இல்லாமலும் விற்க முடிகிற ஏற்பாட்டையே விழா நடத்துவோர் விரும்புகிறார்கள்.

உள்ளே போட வங்கிக் கணக்கு கேட்காத இந்த ஏற்பாடு, வெளியே எடுக்கும்போது பல இடங்களில் கணக்கைக் கேட்கிறது. விழா முடிந்ததும் இணையப் படிவம் ஒன்றைத் திறந்து, கணக்கு எண்ணையும் ஐஎஃப்எஸ்சி எண்ணையும் கேட்டு, குறிப்பிட்ட நாட்களுக்குள் விண்ணப்பிக்கச் சொல்வார்கள். நோட்டாகக் கொடுத்தவருக்கு நோட்டாகவே திருப்பித் தருவதுதான் நியாயம் என்பது என் உறுதியான கருத்து. கவுன்டரில் நோட்டை வாங்கியவர்களால் கவுன்டரிலேயே நோட்டைத் தரவும் முடியும். முதல் ரீசார்ஜுக்கு முன்பே மூன்று விஷயங்களைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்: மிச்சத்தை ரொக்கமாகத் தருவார்களா, எந்தத் தேதிவரை தருவார்கள், கார்டுக்கோ பட்டைக்கோ என்று பிடித்த தொகை திரும்ப வருமா. கடைசி ஆண்டு மாணவர்கள், கல்லூரியின் நோ டியூஸ் படிவத்தில் கேன்டீன் கையெழுத்து வாங்கும் அன்றே மிச்சத்தையும் கேட்டு வாங்கிவிடுவது நல்லது. அதன் பிறகு ஐடி கார்டு முடக்கப்பட்டால், பல வளாகங்களில் கேன்டீன் கார்டும் அதோடு சேர்ந்தே முடங்கிவிடும்.