நட்சத்திரக் குறிக்குக் கீழே என்ன இருக்கிறது?

தீபாவளி போனஸ் வரும் வாரத்தில் ஆலத்தியூர் சிமென்ட் ஆலைப் பக்கம் எல்லோர் போனிலும் ஒரே மாதிரி மெசேஜ்தான். "ஃப்ரிட்ஜ் வாங்குங்கள், 10% உடனடித் தள்ளுபடி*". அந்த நட்சத்திரத்துக்கு விளக்கம், எறும்பு ஊர்வது போல அடியில் இருக்கும். வழக்கமாக அது இப்படிப் போகும்:

"குறைந்தபட்ச நிகர பரிவர்த்தனை ரூ.20,000. அதிகபட்சப் பலன் ரூ.1,500. இ.எம்.ஐ. பரிவர்த்தனைகளுக்கு மட்டும். ஒரு அட்டைக்கு ஒரு முறை. சலுகை நிதி உள்ளவரை."

நம் தமிழில் சொன்னால்: கார்டில் தேய்க்கும் தொகை இருபதாயிரத்துக்குக் குறையக் கூடாது. எவ்வளவு பெரிய பொருள் வாங்கினாலும் ஆயிரத்து ஐந்நூறுக்கு மேல் கிடைக்காது. தவணையில் வாங்கினால்தான் உண்டு. மொத்தமாகக் கட்டினால் இல்லை. ஒதுக்கிய பணம் தீர்ந்துவிட்டால், கடைசித் தேதிக்கு முன்பே சலுகை முடிந்துவிடும்.

இதில் பலரும் சறுக்குவது 'நிகர' என்ற ஒரு சொல்லில்தான். 24,000 ரூபாய் ஃப்ரிட்ஜுக்கு 2,400 குறையும் என்று கணக்குப் போடுவோம். உச்சவரம்பால் 1,500தான் குறையும். சரி, அதாவது வந்ததே என்று பழைய ஃப்ரிட்ஜையும் எக்ஸ்சேஞ்சில் போட்டு 5,000 கழித்தால், கார்டில் போவது 19,000. இருபதாயிரத்தைத் தொடவில்லை. அந்த 1,500ம் போச்சு! பழையதை வெளியே 3,500 ரூபாய்க்கு மேல் விற்க முடிந்தால் அதுதான் லாபம். பில் போடும் முன் கடைக்காரரிடம் ஒரே கேள்வி கேளுங்கள்: "எக்ஸ்சேஞ்ச் கழித்த பிறகும் சலுகை வருமா?"

'கேஷ்பேக்' என்று இருந்தால் கதை வேறு. முழுப் பணமும் முதலில் போய்விடும்; திரும்பி வர இரண்டு, மூன்று மாதம்கூட ஆகலாம். பொருளைத் திருப்பிக் கொடுத்தால் அதுவும் ரத்து.

ஜவுளிக்கடையில் வேறொரு சிறு எழுத்து வரும்: "வரி தனி". ஏரோ கிளப் நிறுவனத்தின் கடையில் ஒருவர் 40% தள்ளுபடியில் ஜாக்கெட் எடுத்தார். 3,995 ரூபாய் எம்.ஆர்.பி., கழிவு போக 2,397. பில்லில் வாட் வரி என்று 119.85 ரூபாய் ஏற்றியிருந்தார்கள். வழக்கு தேசிய நுகர்வோர் ஆணையம் வரை போனது. எம்.ஆர்.பி. என்றாலே எல்லா வரியும் சேர்ந்த விலை, தள்ளுபடி விலைமேல் மறுபடி வரி போடுவது தவறு என்று 2017 ஜனவரியில் தீர்ப்பு வந்தது. 120 ரூபாய்க்காக அவ்வளவு தூரம் போனவருக்கு ஒரு சல்யூட்!

எறும்பு எழுத்துக்கும் விதி உண்டு. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்தின் 2022 வழிகாட்டுதல்படி, விளம்பரம் எந்த மொழியில் இருக்கிறதோ அதே மொழியில், அதே எழுத்துருவில் நிபந்தனையும் இருக்க வேண்டும். தமிழில் ஆசை காட்டிவிட்டு ஆங்கிலத்தில் நிபந்தனை போடக் கூடாது.

வாங்கும் அன்றே விளம்பரத்தையும் நிபந்தனையையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து, பில்லோடு வையுங்கள். சலுகை வராவிட்டால் முதலில் கடைக்கும் வங்கிக்கும் எழுதிப் புகார் எண் வாங்குங்கள். பதில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.